‘எதிர்பார்ப்பு எதுவும் இல்லை’ என்று எழுதாதீர்கள்

திருமணத் தகவல் இணையதளங்களில் பெயர், ராசி, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் நிரப்பிக்கொண்டே வரும்போது ‘உடல்நிலை’ என்று ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் அதில் இரண்டே விடைகள்தான். ஒன்று ‘நார்மல்’, இன்னொன்று ‘மாற்றுத்திறனாளி’. இடது கையில் இரண்டு விரல் மடங்காதவருக்கும், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கும் அதே இரண்டாவது விடைதான். வரன் தேடுகிறவர்கள் தங்கள் விருப்பத்தில் ‘நார்மல்’ மட்டும் போதும் என்று குறித்துவிட்டால், அடுத்த விடையைத் தேர்ந்தவர்களின் விவரம் அந்தத் தேடலில் வரவே வராது. படிப்பும் வேலையும் ஜாதகமும் அத்தனை பொருந்தினாலும் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை.

இதனால்தான் பல வீடுகளில் அந்தக் கட்டத்தில் ‘நார்மல்’ என்றே போட்டுவிடுகிறார்கள். “முதல்ல ஜாதகம் வரட்டும், அப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்” என்று தரகரும் யோசனை சொல்வார். முதல் வாரத்தில் அழைப்புகள் குவியவும் செய்யும். அந்தக் கணக்கு தப்பவில்லை. ஆனால் அந்த அழைப்புகள் என்ன ஆகின்றன என்று பார்த்தால் கதை வேறு. பெண் பார்க்க வந்து, பஜ்ஜியும் காபியும் முடிந்த பிறகு விஷயம் தெரிந்து எழுந்து போகிற குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீணாவதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அடுத்த முறை உட்கார மறுப்பாள்.

மறைப்பது ஒரு கோடி என்றால், மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுவது மறுகோடி. பெற்றோர் எழுதும் விவரங்களில் அடிக்கடி தென்படும் வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘பெண்ணுக்குக் காதில் சிறு குறை உண்டு. மற்றபடி நார்மல். வீட்டு வேலை எல்லாம் செய்வாள். மறுமணமும் சம்மதம். எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.’

எழுதிய அப்பாவின் மனம் புரிகிறது. ஆனால் படிக்கிற மாப்பிள்ளை வீட்டார் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ‘சிறு குறை’ என்றால் எவ்வளவு என்று தெரியாததால் மனம் பெரிதாகவே கற்பனை செய்துகொள்ளும். ‘எதிர்பார்ப்பு இல்லை’ என்பதோ பேரம் பேச வாருங்கள் என்ற அழைப்பு. “சார், எங்க பையனுக்கு எந்தக் குறையும் இல்ல. நீங்கதான் கொஞ்சம் பார்த்துச் செய்யணும்” என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. வரதட்சணை கேட்பது 1961 முதல் குற்றம்; இந்த மாதிரி இடங்களில் அது ‘ஈடு’ என்ற வேஷத்தில் வருகிறது. நம்பிக்கையோடு எழுத வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, எதை எழுதியே ஆக வேண்டும்? எல்லாவற்றையும் ஊர் பார்க்கும் பக்கத்தில் போட வேண்டியதில்லை. முதல் சந்திப்பிலேயே கண்ணில் படக்கூடியது, அல்லது முதல் பேச்சுக்கே இடைஞ்சலாக இருக்கக்கூடியது விவரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், பார்வையின்மை, காது கேட்காமை எல்லாம் இந்த வகை. வலிப்பு நோய், மனநலச் சிகிச்சை போன்றவை வேறு. அவற்றைப் பொதுப் பக்கத்தில் எழுதினால் பக்கத்துத் தெருக்காரர்கூடப் படிப்பார். இரு தரப்பும் பேசத் தொடங்கி, விருப்பம் உறுதிப்படும் நேரத்தில், நிச்சயத்துக்கு முன்னால் சொன்னால் போதும். ஆனால் சொல்லியே தீர வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஏமாற்றிச் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்து செய்யக் கோர இடம் தருகிறது. மணமகன் அல்லது மணமகளைப் பற்றிய முக்கியமான உண்மையை வைத்து ஏமாற்றினாலும் அது பொருந்தும் என்று 1976இல் திருத்தினார்கள். விஷயம் தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழக்கு நிற்காது. எது ‘முக்கியமான உண்மை’ என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றம்தான் முடிவு செய்யும். இன்னொன்றையும் சொல்லிவிடலாம். வலிப்பு நோய் இருந்தாலே திருமணம் செல்லாது என்று வாதாட ஒரு காலத்தில் அதே சட்டத்தில் இடம் இருந்தது. 1999இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். இது தெரியாமல் இன்னும் பயந்து மறைக்கிற குடும்பங்கள் உண்டு.

ஆகவே முன்கூட்டிச் சொல்வது எதிர்த்தரப்புக்குச் செய்யும் உபகாரம் மட்டுமில்லை, சொல்கிறவருக்கே பாதுகாப்பு. வாய்ப்பேச்சாகச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. “எங்களுக்குச் சொல்லவே இல்லையே” என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

இனி எழுதும் விதம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். கும்பகோணம் பக்கம் 28 வயதுப் பெண் ஒருத்தி, வங்கி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துபோனது. காதுக்குப் பின்னால் கருவி அணிகிறாள். எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டசைவையும் பார்த்துப் புரிந்துகொள்வாள். இரைச்சலான இடத்திலும் போனிலும்தான் திண்டாட்டம்.

வரன் பார்க்கும் வழக்கத்தில் எல்லாமே போனில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை கூப்பிடுவார். இவள் பாதி கேட்டு, மீதியை ஊகித்து, தப்பான பதில் ஒன்றைச் சொல்வாள். எதிர்முனையில் இருப்பவர் ‘பெண்ணுக்கு இஷ்டமில்லை போல’ என்றோ, அதைவிட மோசமாகவோ நினைத்துப் போனை வைத்துவிடுவார். விவரத்தில் சரியான ஒரு வரி இருந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது.

அந்தப் பெண் தன் வாயால் சொல்வதாக இப்படி எழுதலாம்: ‘கும்பகோணத்தில் வங்கியில் வேலை. மாலையில் வீணை கற்கும் தங்கையோடு சண்டை, ஞாயிறன்று ஸ்கூட்டரில் ஊர் சுற்றல். சிறு வயதில் வந்த காய்ச்சலால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி அணிகிறேன். முகம் பார்த்துப் பேசினால் எத்தனை மணி நேரமும் பேசுவேன். போனில் சரியாகக் கேட்காது. அதனால் முதலில் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், பிறகு வீடியோ காலில் பேசலாம். சினிமாவைச் சப்டைட்டிலோடு பார்க்கச் சம்மதிப்பவராக, இந்த ஊரிலோ தஞ்சாவூரிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் நல்லது.’

இதில் காது சங்கதி முதல் வரியிலும் இல்லை, கடைசி வரியிலும் இல்லை. முதலில் வைத்தால் ஆளே அதுதான் என்று ஆகிவிடும். கடைசியில் வைத்தால் ஒளித்துவைத்து எடுத்ததுபோல் இருக்கும். ‘சிறு குறை’ போய், என்ன இருக்கிறது, எப்படிச் சமாளிக்கிறாள், எதிராளி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டன. காய்ச்சலின் பெயர், எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எத்தனை டாக்டர் என்பதெல்லாம் இல்லை. அவை பழகிய பிறகு பேச வேண்டியவை. முக்கியமாக, அவளுக்கும் எதிர்பார்ப்பு இருக்கிறது. ஊர் வேண்டும், சப்டைட்டில் வேண்டும். கேட்கத் தெரிந்தவளிடம் பேரம் பேச வருகிறவர்கள் குறைவு.

‘நார்மல்’ கட்டத்தை என்ன செய்வது? கீழே இப்படி விளக்கமாக எழுதிவிட்டு மேலே ‘நார்மல்’ என்று போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்களே என்ற சபலம் வரும். வேண்டாம். கீழே உள்ள பத்தியைப் பலர் படிப்பதே இல்லை. கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பிறகு ஏமாற்றிவிட்டதாகத்தான் சொல்வார்கள். உண்மையைக் குறித்தால் அழைப்புகள் குறையும். பல மாதங்கள் போன் அடிக்காமலே இருக்கலாம். அதற்கு வீட்டார் தயாராக இருந்தால்தான் நடுவில் பதறி, விவரத்தைத் திருத்தாமல் இருப்பார்கள்.

பலர் செய்யும் இன்னொரு காரியம், மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே எழுதுவது. ‘55% ஊனம்’ என்று படிக்கிறவர், ஆளில் பாதிதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார். அந்த எண் அரசுச் சலுகைக்கும் இடஒதுக்கீட்டுக்குமானது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி என்பதற்கான அளவுகோல். அவர் மாடிப்படி ஏறுவாரா, வண்டி ஓட்டுவாரா என்று அது சொல்லாது. ‘கைப்பிடி இருந்தால் மாடி ஏறுவேன், கார் ஓட்டுகிறேன்’ என்ற ஒரு வரி சொல்லும். அடையாள அட்டையைப் படமெடுத்துப் பக்கத்தில் ஏற்றுவதும் கூடாது. அதில் எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கிறது.

புகைப்படத்துக்கும் இதே நியாயம்தான். கூந்தலை இழுத்துவிட்டுக் காதை மறைத்த படமும், நாற்காலியின் சக்கரம் தெரியாமல் வெட்டிய படமும் எழுதியதைப் பொய்யாக்கிவிடும். நாலு படம் போட்டால் அதில் ஒன்று முழு உருவமாக, கருவியோ ஊன்றுகோலோ இயல்பாகத் தெரியும்படி இருந்தால் போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. விவரத்தைப் படித்தவர் மாப்பிள்ளையின் அண்ணன். பேசி முடிப்பவர் மாமா. அம்மாவுக்குப் பாதி தெரியும். கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. “பெரியவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு” என்ற பதில் இங்கே செல்லாது. சம்பந்தப்பட்ட இருவரும் நேரடியாகவோ வீடியோ காலிலோ ஒருமுறையாவது இதைப் பற்றியே பேசியிருக்க வேண்டும். “நீங்க என் புரொஃபைல் முழுசாப் படிச்சீங்களா? காது விஷயம் எழுதியிருந்தேனே, அதுல ஏதாவது கேக்கணுமா?” என்று பெண்ணே தொடங்கிவிடலாம். அவர் முழித்தால் விஷயம் அவரை எட்டவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பேச்சில் எப்படியும் வரும் கேள்வி, “குழந்தைக்கும் வருமா?” என்பது. இதற்கு விவரத்தில் பதில் எழுதத் தேவையில்லை, ஆனால் பதில் கையில் இருக்க வேண்டும். மூளைக்காய்ச்சலால் வந்த கேளாமை பரம்பரையாகத் தொடராது. பிறவியிலேயே வந்தது என்றால் மரபணு காரணமாக இருக்கலாம். அப்போதும் பல வகைகளில் தாய், தந்தை இருவரிடமும் அதே மரபணு மாற்றம் இருந்தால்தான் குழந்தைக்கு வரும். சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. காரணம் தெரியாதவர்கள் வரன் தேடத் தொடங்கும் முன்பே மரபணு ஆலோசனை தரும் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது “டாக்டர்கிட்ட கேட்டாச்சு, இப்படிச் சொன்னார்” என்று சொல்ல முடியும். அத்தை மகனையே பேசலாமா என்ற யோசனை வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.