பழைய பில்லின் ரூபாய் மாறக் கூடாது

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் நிறுவனம் டாலரில் பில் போடுகிறது. ஆனால் ஜி.எஸ்.டி. கணக்கில் அதை ரூபாயில்தான் காட்ட வேண்டும். மென்பொருள் எங்கிருந்தோ ஒரு ரேட்டை எடுத்துப் பெருக்கி ரூபாயைப் போட்டுவிடுகிறது. அன்றைக்கு யாருக்கும் குறை தெரிவதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையாளர் அதே பில்லைக் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மறுபடி அச்சிட்டால் டாலர் தொகை அப்படியே இருக்கிறது, ரூபாய் தொகை மட்டும் வேறாக இருக்கிறது. பில்லில் டாலரை மட்டும் சேமித்துவிட்டு, திறக்கும்போதெல்லாம் அன்றைய ரேட்டைக் கேட்டு வாங்கும்படி மென்பொருளை எழுதியிருப்பார்கள்.

எந்த ரேட்டை எடுப்பது என்பது எழுதுபவரின் விருப்பம் அல்ல. இணையத்தில் டாலருக்கு ஒரே சமயத்தில் பல ரேட்டுகள் கிடைக்கும். அவற்றுள் சரக்கு ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. விதி 34 காட்டுவது, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அறிவிக்கும் ரேட்டை. வாரியம் இதை மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில் வெளியிடுகிறது, மறுநாள் வெள்ளியிலிருந்து அது நடைமுறைக்கு வரும். 2024 ஜூலையிலிருந்து ஐஸ்கேட் தளத்தில் வியாழன் மாலை தானாகவே வெளியாகிறது. அதில் இறக்குமதிக்கு ஒரு ரேட், ஏற்றுமதிக்கு ஒரு ரேட் என இரண்டு இருக்கும். ஜப்பானிய யென் போன்றவற்றுக்கு, நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்பதுபோலக் கொடுத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் ஒரு யென் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நூறு மடங்கு பிசகும்.

சென்னையில் மென்பொருள் சேவை விற்கும் நிறுவனத்துக்கு இந்த ரேட் பொருந்தாது. சேவைக்கு, பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் முறைப்படியான ரேட்டை எடுக்கச் சொல்கிறது அதே விதி. பலர் எஃப்.பி.ஐ.எல். நிறுவனத்தின் மேற்கோள் ரேட்டை எடுக்கிறார்கள். 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கி வெளியிட்டுவந்த ரேட்தான் இது. வேலை நாளில் காலை 11.30 முதல் 12.30 வரையிலான ஒரு மணி நேரத்துக்குள், ஏதோ ஒரு 15 நிமிடத்தில் நடந்த வியாபாரங்களிலிருந்து கணக்கிட்டு, பிற்பகலில் வெளியிடுகிறார்கள். விடுமுறை நாளில் இது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போட்ட பில்லுக்கு வெள்ளிக்கிழமை ரேட் என்று முடிவு செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் ரேட் எந்தத் தேதிக்குரியது என்பதைப் பில் தேதியோடு கலக்காமல் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

இனி நேரத்தின் கதை. சேதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வியாழன் வரை ஏற்றுமதி ரேட் 86.20 என்றும், வெள்ளியிலிருந்து 87.05 என்றும் வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள். 20,000 டாலர் பில்லுக்குப் பழைய ரேட்டில் 17,24,000 ரூபாய், புதிய ரேட்டில் 17,41,000 ரூபாய். வித்தியாசம் 17,000.

ஒவ்வொரு பில்லுக்கும் வெளித் தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் மென்பொருள் மெதுவாகிவிடும். அதனால் ஒருமுறை வாங்கிய ரேட்டைக் கைவசம் வைத்துக்கொள்வது வழக்கம். இதைத்தான் கேஷ் என்கிறார்கள். 24 மணி நேரம் வைத்திரு என்று எழுதியிருப்பார்கள். வியாழன் காலை பத்து மணிக்கு வாங்கிய 86.20, வெள்ளி காலை பத்து மணி வரை கைவசம் இருக்கும். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு கன்டெய்னர் கிளம்புகிறது என்று அவசரமாகப் போட்ட பில் பழைய ரேட்டில் போய்விடும். பத்தரை மணிக்குப் போட்டதில் புதிய ரேட் இருக்கும். ஒரே நாள், ஒரே நிறுவனம், இரண்டு ரேட்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது சர்வரின் கடிகாரம். பெரும்பாலான சர்வர்கள் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. இங்கே வெள்ளி அதிகாலை ஒரு மணிக்குப் பில் போட்டால் சர்வருக்கு அது வியாழன் இரவு ஏழரை. கேஷ் சரியாக இருந்தாலும், வெள்ளி காலை ஐந்தரை வரை சர்வர் வியாழக்கிழமை ரேட்டையே தேடும். இரவு ஷிப்டில் பில் போடும் இடங்களில் மாதம் இருமுறை இந்தப் பிழை வந்து போகும். மற்ற நாட்களில் தேதி தவறினாலும் ரேட் மாறாது என்பதால், சோதித்துப் பார்த்தாலும் அகப்படாது. ரேட் மாறும் வெள்ளிக்கிழமைகளின் பில்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அகப்படும்.

தீர்வு கேஷின் ஆயுளைக் குறைப்பதில் இல்லை. ரேட் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைக் கொண்டு அதைத் தேட வேண்டும். சுங்க ரேட், ஏற்றுமதி, டாலர், இந்திய நேரப்படி மார்ச் 7 என்று கேட்டால் ஒரே பதில்தான் வர வேண்டும், அதை எத்தனை வருடம் கைவசம் வைத்திருந்தாலும் கெடாது. latest என்று கேட்பதைப் பில் போடும் இடத்தில் அனுமதிக்கவே கூடாது. புதிய ரேட் வர வேண்டிய நாளில் தளம் திறக்கவில்லையென்றால், பழையதைச் சத்தமில்லாமல் போடுவதைவிட, ரேட் வரவில்லை என்று சொல்லிப் பில்லை நிறுத்துவதே மேல் என்பேன். ஒரு மணி நேரத் தாமதத்தைப் பேசிச் சரிக்கட்டலாம். தவறான ரூபாய் ரிட்டர்னில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

பில்லோடு சேமிக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
amount: 20000.00 USD
rate: 87.05
unit: 1
type: export
source: CBIC
effective_from: 2025-03-07T00:00:00+05:30
fetched_at: 2025-03-06T18:12:40+05:30
amount_inr: 1741000.00
```

ரேட் இருக்கும்போது ரூபாய் தொகை எதற்கு என்று கேட்கலாம். பைசாவை எங்கே முழுமையாக்குவது, ஒவ்வொரு வரியிலுமா, மொத்தத்திலா என்ற விதியை நாளை யாராவது மாற்றினால், ரேட் அப்படியே இருந்தும் ரூபாய் நகர்ந்துவிடும். அதனால் விடையையும் எழுதிவைக்க வேண்டும். ரேட்டைத் தசம எண்ணாகவே சேமிக்க வேண்டும். கணினியின் மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமித்தால் 87.05 துல்லியமாக நிற்காது.

ரேட் பட்டியலில் எதையும் அழித்து எழுதக் கூடாது. சில சமயம் வாரியம் இடையிலேயே திருத்திய ரேட்டை அறிவிக்கும். அது பட்டியலில் புதிய வரியாக ஏற வேண்டும். முன்பு போட்ட பில் எந்த வரியை நம்பிப் போடப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்று, ஒரே சரக்குக்கு வேறு ரேட்டுகளும் வந்து சேரும். சுங்கத்துறை பார்ப்பது ஷிப்பிங் பில் தாக்கலான நாளின் ரேட்டை. நடுவில் அந்த வியாழன் வந்துவிட்டால் அது பில்லின் ரேட்டிலிருந்து வேறுபடும். இரண்டு மாதம் கழித்துப் பணம் வரும்போது வங்கி தன் ரேட்டில் வரவு வைக்கும். அந்த வித்தியாசம் அந்நியச் செலாவணி லாபம் அல்லது நஷ்டம் என்று தனிக் கணக்கில் போக வேண்டும். பில்லில் உள்ள ரூபாயை அதற்கேற்பத் திருத்தும் மென்பொருள்களும் உண்டு. அவை ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்னையே பொய்யாக்குகின்றன.

உங்கள் நிறுவனத்து மென்பொருள் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு சோதனை போதும். இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள், அல்லது ரேட் தரும் தளத்துக்கான வழியை மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பில்லை அச்சிட்டு, கோப்பில் இருக்கும் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அத்தனை காலமும் அந்தப் பில் அதே ரூபாயைக் காட்டியாக வேண்டும்.