ஒன்பது வருடம் அழிக்காத நிரல்

2012 ஆகஸ்ட் 1, காலை 9.30. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததுமே நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனத்தின் கணினிகள் ஆர்டர் போட ஆரம்பித்தன, நிறுத்தவே இல்லை. வாடிக்கையாளர்கள் கேட்டவை வெறும் 212 ஆர்டர்கள். 45 நிமிடத்தில் நடந்து முடிந்தவையோ சுமார் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் இதன் காரணங்கள் விரிவாக இருக்கின்றன. 'பவர் பெக்' என்ற வசதியை நிறுவனம் 2003இலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் அதன் நிரலை சர்வர்களிலிருந்து அழிக்கவில்லை. கேட்ட அளவு பங்கு வாங்கியாகிவிட்டதா என்று எண்ணி, ஆர்டரை நிறுத்தும் பகுதி ஒன்று அதனுடன் இணைந்திருந்தது. 2005இல் அந்தப் பகுதியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பவர் பெக்கை யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் அதை மறுபடி சோதிக்கவில்லை. 2012இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பழைய பவர் பெக்கை இயக்கிவந்த அதே அடையாளக் குறியையே அதற்கும் கொடுத்தார்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட விதியும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில் பவர் பெக் விழித்துக்கொண்டது.

தொழில்நுட்பக் கடன் என்று மென்பொருள்காரர்கள் சொல்வது இதைத்தான். 1992இல் வார்ட் கன்னிங்ஹாம் கடன் என்ற ஒப்பீட்டைக் கொண்டுவந்தார். இன்று வேகமாக முடிக்க ஒரு வேலையை அரைகுறையாக விட்டால், பிறகு அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் கூடுதல் உழைப்பை வட்டியாகக் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்தில் இந்தக் கடன் ஒரே நிரலுக்குள் தங்குவதில்லை, அமைப்புகளுக்கு இடையிலான இணைப்புகளிலும் சேர்ந்துவிடும். நைட்டில் பங்குகள் குவிந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. ஆனால் ஆர்டர் அனுப்பும் அமைப்பை அது தானாக நிறுத்தாது. சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாததால் யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தக் கடனை அடைக்கத் திட்டம் போட்டால் எதிலிருந்து தொடங்குவது? பவர் பெக்கை அழிப்பதுதான் முதலில் தோன்றும். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் வேலை, அந்த வரம்பை ஆர்டர் பாதையோடு இணைப்பது. இதனால் எந்தக் கடனும் தீராது. ஆனால் எந்தக் கடன் வெடித்தாலும் நஷ்டம் ஓர் எல்லைக்குள் நிற்கும், மற்றவற்றைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். இரண்டாவது, நிரலை ஏற்றும் வேலையைக் கையிலிருந்து ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றுவது. ஏற்றியபின் எட்டு சர்வர்களிலும் ஒரே பதிப்புதான் ஓடுகிறதா என்று அதுவே பார்க்க வேண்டும். பழைய நிரலை அழிப்பதும் ஒரு மாற்றம்தான். மாற்றத்தைப் பத்திரமாக ஏற்ற வழியில்லாத இடத்தில் அழிப்பதே அடுத்த விபத்தாகிவிடும். அன்று கோளாறு தெரிந்தபின் நைட் ஊழியர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். உடனே அந்த ஏழிலும் பவர் பெக் ஓடத் தொடங்கி நிலைமை இன்னும் மோசமானது.

அதன்பிறகுதான் அழிப்பு. ஒரு பகுதி உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை ஊகித்து முடிவுசெய்யக் கூடாது. யாராவது அதை அழைத்தால் பதிவாகும்படி ஒரு வரி சேர்த்து, மாத முடிவு, ஆண்டு முடிவு இரண்டும் கடக்கும் வரை கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழும் நிரல்கள் வங்கிகளிலும் தரகு நிறுவனங்களிலும் நிறைய உண்டு. பதிவு எதுவும் இல்லையென்றால் முதலில் இணைப்பைத் துண்டித்து, சில வாரம் விட்டு, நீக்கிவிடலாம். பழைய குறிகளை மறுபயன்பாடு செய்யாமல் பட்டியலிட்டு ஓய்வு கொடுப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

பார்க்க அசிங்கமாக இருந்தும் எந்தப் பாதையும் தொடாத, யாரும் மாற்றத் தேவையில்லாத நிரலை அப்படியே விடலாம். அதற்கு வட்டி ஏறாது. வரிசையைத் தீர்மானிக்க இரண்டு கேள்விகள் போதும்: இந்த இடத்தை எத்தனை முறை தொடுகிறோம், இது உடைந்தால் எவ்வளவு தூரம் சேதம் பரவும்?

இதற்கான ஆள்பலத்தைத் தனித் திட்டமாக ஒதுக்கினால் பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். ஒவ்வொரு காலாண்டிலும் பொறியாளர்கள் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதுபோல வழக்கமான வேலைக்குள்ளேயே வைப்பது நிலைக்கும். அடுத்தடுத்த இரண்டு காலாண்டு பரிசீலனைகளில் நகராத கடன் எதுவானாலும், அதைத் தெரிந்தே சுமக்கிறோம் என்று அந்தப் பிரிவின் தலைவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து கேட்டவுடனேயே பல வேலைகளுக்கு ஆளும் நாளும் கிடைத்துவிடும்.