ஒரு கருவி ‘நில்’ என்றால் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

ஒரு சிறு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கோப்புகள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. சர்வரும் கணக்குப் பிரிவின் புதிய கணினியும் 1 ஜிகாபிட் வேகத்தில் ஒரே சுவிட்சில் இணைந்திருக்கின்றன. மூலையில் இருக்கும் பழைய கணினியும் அதே சுவிட்சில்தான்; ஆனால் அதன் போர்ட் 100 மெகாபிட். கணக்குப் பிரிவு பெரிய கோப்பை இறக்கினால் வேகம் ஏறத்தாழ முழுதாகக் கிடைக்கிறது. பழைய கணினியும் அதே நேரத்தில் ஒரு பெரிய கோப்பை இறக்கத் தொடங்கினால், கணக்குப் பிரிவின் வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கேபிளில் கோளாறு இல்லை. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. தொலையாமல் பார்த்துக்கொண்டதுதான் இங்கே சிக்கல்.

சுவிட்சின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். சர்வரிலிருந்து வரும் தரவு ஜிகாபிட் வேகத்தில் நுழைகிறது. பழைய கணினிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெளியேற முடியும். மிஞ்சுவது பஃபர் எனப்படும் இடைநினைவகத்தில் தங்குகிறது. மலிவான சுவிட்சில் அது 512 கிலோபைட் என்று வைத்தால், பழைய கணினிக்கான தரவு மட்டும் முழு வேகத்தில் வரும்போது 5 மில்லி நொடிக்குள் நிரம்பிவிடும். நிரம்பியபின் சுவிட்சுக்கு இரண்டே வழி: வருவதைக் கீழே போடலாம், அல்லது அனுப்புபவரை நிற்கச் சொல்லலாம்.

நிற்கச் சொல்வதற்காக 1997-இல் 802.3எக்ஸ் என்ற தரநிலையில் வந்ததுதான் பாஸ் ஃபிரேம். 64 பைட் அளவுள்ள சிறு செய்தி அது. 01-80-C2-00-00-01 என்ற தனி முகவரிக்குப் போகும். எதிர்முனைக் கருவி அதைப் படித்து அங்கேயே விழுங்கிவிடும், அடுத்த கேபிளுக்குக் கடத்தாது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற எண் அதற்குள் இருக்கும். ஓர் அலகு என்பது 512 பிட்கள் போக ஆகும் நேரம். அதிகபட்சம் 65,535 அலகு. ஜிகாபிட் இணைப்பில் இது சுமார் 33 மில்லி நொடி. நெரிசல் அதற்கு முன்பே தீர்ந்தால் பூஜ்யம் என்ற எண்ணோடு இன்னொரு ஃபிரேம் வரும்: உடனே தொடரலாம் என்று பொருள்.

அந்தச் செய்தியில் இல்லாத ஒன்றுதான் அலுவலகத்தின் வேகத்தைத் தின்றது. யாருக்கான தரவை நிறுத்த வேண்டும் என்று அது சொல்வதில்லை. பழைய கணினிக்காக சுவிட்ச் ‘நில்’ என்றதும் சர்வரின் கேபிள் முழுதும் நின்றுவிடுகிறது. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, அதற்குச் சற்று முன்பே இடப்பக்கம் திரும்ப வேண்டியவரும் வரிசையில் மாட்டிக்கொள்வதைப் போன்றது இது. சர்வர் இருவருக்கும் மாறி மாறி ஒவ்வொரு ஃபிரேமாக அனுப்பினால் பழைய கணினிக்கு 100 மெகாபிட், கணக்குப் பிரிவுக்கும் அதே 100 மெகாபிட். ஆயிரம் போகக்கூடிய கேபிளில் இருநூறு போகிறது.

பாஸ் ஃபிரேம் இல்லாமல் இருந்தால்? சுவிட்ச் பழைய கணினிக்கான சில பாக்கெட்டுகளைக் கீழே போடும். டிசிபி அந்த இழப்பைக் கவனித்து, அந்த ஓர் உரையாடலின் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். கணக்குப் பிரிவுக்கு 900 மெகாபிட் அளவில் கிடைக்கும். டிசிபிக்கு இழப்பு ஒரு தகவல். பாஸ் ஃபிரேம் அந்தத் தகவலை மறைத்துவிடுகிறது.

இதை வைத்து எங்கும் அணைத்துவிடலாம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஒரு வீடியோ தொகுப்பாளரின் அறையில் 10 ஜிகாபிட் சேமிப்பகமும் 1 ஜிகாபிட் கணினியும் அதே சிறிய சுவிட்சில் இருக்கின்றன, வேறு யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பகம் ஒரே மூச்சில் தரவைக் கொட்டினால் 512 கிலோபைட் பஃபர் அரை மில்லி நொடிக்குள் நிரம்பிவிடும். அனுப்பிய தொகுதியின் கடைசிப் பாக்கெட்டுகள் தொலைந்தால் டிசிபி அதை விரைவாக உணர வழியில்லாமல் போகலாம். கடிகாரம் தீரும்வரை காத்திருக்க நேரும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு வழக்கமாகக் குறைந்தது 200 மில்லி நொடி. அதற்குள் 25 மெகாபைட் போயிருக்கும். பாஸ் ஃபிரேம் இதே நெரிசலை மிகச் சிறு நிறுத்தங்களால் சமாளித்துவிடும். நிற்பதால் பாதிக்கப்பட இன்னொருவர் அந்தக் கேபிளில் இல்லை என்பதே இங்கு அதன் வெற்றிக்குக் காரணம். நெரிசல் சற்று நேரமே நீடித்து, கேபிளில் ஒரே ஒரு பயணம் இருக்குமானால் அது உதவும். நெரிசல் நீடித்து, பலர் பகிரும் கேபிளாக இருந்தால் கெடுக்கும்.

இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. மடிக்கணினி தூங்கப் போனபின்னும் அதன் டாக்கில் உள்ள ஈதர்நெட் சிப் விழித்திருக்கும். வரும் தரவை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. சிப்பின் சிறு பஃபர் நிரம்புகிறது. அது ‘நில்’, ‘நில்’ என்று ஓயாமல் அனுப்பத் தொடங்குகிறது. எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் அந்தப் போர்ட்டுக்கும் போயாக வேண்டும், ஆனால் போக முடியாமல் சுவிட்சின் பொதுப் பஃபரில் குவிகின்றன. அதுவும் நிரம்பினால் சில சுவிட்சுகள் மற்ற எல்லோரையும் நிறுத்திவிடும். இரவில் இணையம் செத்துப்போய், ஒரு கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் உயிர்பெறும் வீடுகளில் இதைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய வயர்ஷார்க் பெரும்பாலும் உதவாது. நெட்வொர்க் கார்டே பாஸ் ஃபிரேமை விழுங்கிவிடுவதால் மென்பொருளின் கண்ணில் அது படுவதில்லை. கார்டு வைத்திருக்கும் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். லினக்ஸில்:

```
ethtool -a eth0
ethtool -S eth0 | grep -iE 'pause|xoff'
```

முதல் வரி அமைப்பு இயங்குகிறதா என்று காட்டும். இரண்டாவது எத்தனை முறை நிறுத்தம் வந்தது, போனது என்று காட்டும். எண்ணிக்கையின் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும். வேகம் குறையும் நேரத்தில் சர்வரில் பெறப்பட்ட நிறுத்தங்கள் கிடுகிடுவென ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. அணைத்துப் பார்க்க:

```
ethtool -A eth0 autoneg off rx off tx off
```

இணைப்பு ஓரிரு வினாடி அறுந்து திரும்பலாம். அணைத்தபின் வேகத்தை மறுபடி அளந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கேபிள் முழுதும் நிற்கும் குறையைத் தீர்க்க 2011-இல் 802.1க்யூபிபி என்ற தரநிலை வந்தது. போக்குவரத்தை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே நிறுத்த அது வழிசெய்தது. இழப்பைத் தாங்காத சேமிப்பகப் போக்குவரத்து ஒரு வகுப்பில் நிற்கும்போது மற்றவை ஓடலாம். ஆனால் ஒரே வகுப்புக்குள் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் தரவு மையங்களின் அனுபவத்தை 2016-இல் வெளியிட்டபோது, பழுதான ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு ஓயாமல் நிறுத்தம் அனுப்பினால் அது சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குப் பரவி வலையமைப்பு முழுவதையும் முடக்கக்கூடும் என்று எழுதினார்கள். அதற்காகக் கார்டிலும் சுவிட்சிலும் காவல் நிரல்களை வைத்தார்கள். தரவு எதையும் எடுத்துக்கொள்ளாமல் ‘நில்’ மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் கார்டைக் கண்டால், சுவிட்சில் உள்ள காவல் நிரல் அந்தப் போர்ட்டில் இழப்பற்ற பயன்முறையையே அணைத்துவிடும்.