வேகத்தடை இணையத்திலா, விபிஎன்னிலா?

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலகக் கோப்பை இறக்கும்போது வேகம் குறைந்தால், கோளாறு இணைய இணைப்பில் இருக்கலாம். அதற்குள் ஓடும் விபிஎன் சுரங்கத்திலும் இருக்கலாம். வேகம் காட்டும் இணையதளங்கள் தங்கள் சர்வர் வரையிலான வேகத்தையே சொல்லும். அலுவலகம் வரையிலான பாதையைப் பற்றி எதுவும் சொல்லாது. சுரங்கத்தின் இரு முனைகளிலும் உள்ள கணினிகளுக்கு இடையே நேரடியாக அளப்பதே வழி. ஐபெர்ஃப் என்னும் இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. நினைவகத்திலிருந்தே தரவை அனுப்புவதால் வன்தட்டின் வேகம் கணக்கில் குறுக்கிடுவதில்லை.

அலுவலகக் கணினியில் `iperf3 -s` என்று இட்டால் அது 5201-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்துவைக்க வேண்டும். பிறகு வீட்டுக் கணினியில் இரண்டு சோதனைகள்:

```
iperf3 -c 203.0.113.10 -R -t 30
iperf3 -c 10.8.0.1 -R -t 30
```

முதல் முகவரி அலுவலகத்தின் பொது முகவரி. தரவு திறந்த இணையத்தில் செல்லும். இரண்டாவது சுரங்கத்துக்குள் உள்ள முகவரி. `-R` இல்லாவிட்டால் வீட்டுக் கணினி அனுப்பும், அலுவலகக் கணினி வாங்கும். கோப்பு இறங்கும் திசை அதற்கு நேர்மாறானது என்பதால் `-R` தேவை.

முதல் சோதனை 20 மெகாபிட், இரண்டாவது 19 மெகாபிட் என்று வந்தால் சுரங்கத்தின்மேல் குற்றமில்லை, இணைப்பே அவ்வளவுதான். ஒவ்வொரு பொட்டலத்தோடும் விபிஎன் தன் தலைப்பைச் சேர்ப்பதால் சில விழுக்காடு குறைவது இயல்பு. நேரடியாக 92, சுரங்கத்தில் 24 என்று வந்தாலோ இணையம் நன்றாக இருக்கிறது, விபிஎன்தான் தடை என்று கொள்ளலாம்.

அப்போது சோதனை ஓடும்போதே இரு முனைகளிலும் `top` கட்டளையைப் பார்க்க வேண்டும். ஓபன்விபிஎன் ஒரு சிறிய ரூட்டரிலோ பழைய கணினியிலோ ஓடினால், `openvpn` என்ற வரி 100 விழுக்காட்டை ஒட்டி நிற்பதைக் காணலாம். குறியாக்க வேலை முழுவதும் ஒரே செயலிக் கருவில் விழுந்து, அதற்குமேல் போக முடியாமல் நிற்கிறது என்று பொருள். இணைய நிறுவனத்திடம் கூடுதல் வேகம் வாங்கினாலும் இந்த 24 மாறாது.

செயலி ஓய்வாக இருந்தும் வேகம் குறைந்தால், இன்னொரு சோதனை மிச்சமிருக்கிறது. மேலே செய்த நேரடிச் சோதனை டிசிபி வழியானது. விபிஎன்களோ பெரும்பாலும் யுடிபியில் ஓடுகின்றன. வழியில் யுடிபி மட்டும் கட்டுப்படுத்தப்பட்டால் முதல் சோதனை அதைக் காட்டாது.

```
iperf3 -c 203.0.113.10 -u -b 50M -R
```

`-b` கொடுக்காவிட்டால் யுடிபி சோதனை 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும், இழப்பும் தெரியாது. நேரடியாக 92 தாங்கிய பாதையில் 50 மெகாபிட் யுடிபி பெருமளவு தொலைந்தால், விபிஎன்னைப் போல் தோன்றிய கோளாறு உண்மையில் இணையப் பாதையில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனைகளை அடுத்தடுத்து, ஒரே திசையில், சில முறை செய்து ஒப்பிட வேண்டும். காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக அளந்தால், தெரிவது நேரத்தின் வேறுபாடே தவிர சுரங்கத்தின் வேறுபாடு அல்ல.