இரண்டாம் விரல் வரும் வரை

தொடுதிரைக்குப் பின்னால் – 6

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ நிலம் வைத்திருப்பவர் புலப்படம் வாங்க இப்போது தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டியதில்லை. eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டாவோடு படமும் கைபேசிக்கே வந்துவிடும். ஆனால் அந்தப் படம் தாளுக்காக வரையப்பட்டது. ஒவ்வொரு எல்லைக்கோட்டின் நீளமும் பொடி எழுத்தில் மீட்டர் கணக்கில் இருக்கும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காமல் அதைப் படிக்க முடியாது.

இந்தப் படத்தைக் காட்ட நாமே ஒரு சின்ன செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் உட்பிரிவைத் தட்டினால் அதன் விவரம் வர வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த புலத்தின் படம் வர வேண்டும். இரு விரலால் விரித்தால் படம் பெரிதாக வேண்டும். கேட்க எளிது. சிக்கல் என்னவென்றால், மூன்றுமே ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: ஒரு விரல் கண்ணாடியில் படுகிறது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு அதை ACTION_DOWN என்று நமக்குச் சொல்லும். அந்த நொடியில் அது தட்டலா, தள்ளலா, பெரிதாக்கலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் செயலி எதையும் முடிவு செய்யாமல் காத்திருக்க வேண்டும்.

எதற்காகக் காத்திருப்பது? முதலில், விரல் நகர்கிறதா என்று பார்க்க. எந்த விரலும் கண்ணாடியில் அசையாமல் நிற்பதில்லை. அழுத்தும்போது விரல்நுனி தட்டையாகி, தொடுபுள்ளி தானாகவே கொஞ்சம் இழுபடும். அதனால் ஆண்ட்ராய்டு 8 டிபி தூரம் வரை விரல் நகர்ந்தாலும் நகராததாகவே எடுத்துக்கொள்கிறது. ஓர் அங்குலத்துக்கு 160 டிபி என்பதால் இது ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 400 புள்ளிகள் உள்ள திரையில் 20 பிக்சல். ஒருவர் (540, 900) என்ற இடத்தில் விரல் வைத்து, 90 மில்லிநொடி கழித்து (546, 905)-இல் எடுக்கிறார் என்றால் நகர்ந்தது 8 பிக்சல்கூட இல்லை. அது தட்டல்.

இந்த 20-ஐ நிரலில் நேரடியாக எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற வேலை. அடர்த்தி குறைந்த மலிவு போனில் அதே 20 பிக்சல் இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும், தள்ளல் மந்தமாகத் தெரியும். ViewConfiguration-இடம் கேட்டு வாங்குவதே சரி. நேர எல்லைக்கும் இதுவே வழி. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பதற்கான நேரத்தை அமைப்புகளில் கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கை நடுங்கும் பெரியவர் அதைக் கூட்டி வைத்திருக்கும்போது நம் செயலி அதை மதிக்காமல் போனால், அவருடைய நிதானமான தட்டல் ஒவ்வொன்றும் அழுத்தலாகப் போய்விடும்.

இனி கடினமான பகுதி. பெரிதாக்க நினைப்பவரின் இரண்டு விரலும் ஒரே சமயத்தில் கண்ணாடியில் படாது. முதல் விரல் பட்டு 48 மில்லிநொடிக்குள் 24 பிக்சல் நகர்ந்துவிட்டது, 60-ஆவது மில்லிநொடியில்தான் இரண்டாம் விரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஐத் தாண்டியதுமே செயலி “இது தள்ளல்” என்று முடிவு கட்டி அடுத்த புலத்துக்குப் போயிருந்தால், பார்க்க வந்த நிலம் திரையிலிருந்தே போய்விடும். எல்லை தாண்டியதும் படத்தை விரலோடு நகர்த்தலாம், அது தவறில்லை. ஆனால் பக்கம் மாற்றுவதை விரல் எடுக்கும்போதுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டாம் விரல் வந்துவிட்டால் தள்ளல் அங்கேயே ரத்து, பெரிதாக்கல் தொடங்கலாம். அதேபோல, ஏற்கெனவே பெரிதாக்கப்பட்ட படத்தில் ஒரு விரல் தள்ளல் பக்கம் மாற்றவே கூடாது, படத்தை நகர்த்த மட்டுமே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு விரல் வைத்துவிட்டாலே பெரிதாக்கல் என்றும் ஆகிவிடாது. விரல்களுக்கு இடையிலான தூரத்திலும் ஒரு நடுக்கம் இருக்கும். ஆண்ட்ராய்டின் ScaleGestureDetector இதற்கு மேலே சொன்ன எல்லையைப் போல இரு மடங்கு இடம் விடுகிறது, அதாவது நம் திரையில் 40 பிக்சல். தூரம் 300-இல் தொடங்கி 340-ஐத் தாண்டும்போதுதான் பெரிதாக்கல் ஆரம்பம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அடிப்படையாக 300-ஐயே வைத்துக் கணக்கிட்டால் முதல் அசைவிலேயே படம் 13 சதவீதம் எகிறிக் குதிக்கும். 340-ஐப் புதிய அடிப்படையாக எடுத்துக்கொண்டால் 1 என்ற அளவிலிருந்து மெல்ல வளரும். தூரம் 510 ஆகும்போது சரியாக ஒன்றரை மடங்கு.

பெரிதாகும்போது இரு விரலுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கல் அங்கேயே நிற்க வேண்டும். நடுப்புள்ளி f, படத்தின் இடப்பெயர்ச்சி p, முந்தைய அசைவிலிருந்து இந்த அசைவுக்கு வந்த பெருக்கம் s என்றால் கணக்கு இவ்வளவுதான்:

```
p = f - (f - p) * s
```

கிடைக்கோட்டுக்கு ஒரு முறை, நெடுங்கோட்டுக்கு ஒரு முறை.

பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா ஒரு நாள் போனை நீட்டி, “விரல எடுத்தா படம் வேற எங்கியோ ஓடிடுதுப்பா, நம்ம வரப்பத் திரும்பத் தேட வேண்டியிருக்கு” என்றார். வரப்பில் நின்று அளவு சரிபார்க்கும் நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. அவர் படம் பார்த்த செயலியில் நான் கண்டது மிகப் பொதுவான ஒரு பிழை. இரண்டு விரலும் ஒன்றாகப் படாததைப் போலவே ஒன்றாக எழுவதும் இல்லை. ஒரு விரல் முதலில் எழும். அதுவரை நடுப்புள்ளியைப் பின்தொடர்ந்த செயலி, அடுத்த கணம் மிச்சமிருக்கும் ஒற்றை விரலைப் பின்தொடர்கிறது. நடுப்புள்ளிக்கும் அந்த விரலுக்கும் இடையே 200 பிக்சல் இருந்தால் படமும் 200 பிக்சல் தாவும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. முதல் விரலை எடுத்துவிட்டால், இரண்டாவதாக இருந்த விரல் வரிசையில் பூஜ்யம் என்ற இடத்துக்கு வந்துவிடும். வரிசை எண் மாறும், ஆனால் விரலின் அடையாள எண் மாறாது. அடையாளத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரு விரல் நிலைக்குத் திருத்தம் இது:

```kotlin
MotionEvent.ACTION_POINTER_UP -> {
    val gone = event.actionIndex
    val stay = if (gone == 0) 1 else 0
    activeId = event.getPointerId(stay)
    lastX = event.getX(stay)
    lastY = event.getY(stay)
}
```

எஞ்சிய விரலின் இப்போதைய இடமே புதிய தொடக்கம், எனவே தாவல் இல்லை. அந்த விரலும் எழும்போது அதைத் தட்டலாகவோ தள்ளலாகவோ கணக்கில் எடுக்கவே கூடாது. ஒருமுறை பெரிதாக்கல் என்று ஆகிவிட்டால், எல்லா விரலும் எழும் வரை வேறு பெயர் கிடையாது. தள்ளலிலிருந்து பெரிதாக்கலுக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பி வர முடியாது. ACTION_CANCEL வந்தாலும் அப்படித்தான்: விரல் எழுந்ததாக எண்ணித் தட்டலை நிறைவேற்றாமல் எல்லாவற்றையும் கைவிட வேண்டும்.

நிரலால் தீர்க்க முடியாததும் உண்டு. ஒகேனக்கல் சாரலில் நனைந்த திரையில் நீர்த்துளியே விரல் போலப் பதிவாகலாம், உண்மையான விரல் விட்டு விட்டுத் தெரியலாம். திரையைத் துடைப்பதைத் தவிர வழியில்லை.

பிழை விரலிலா, திரையிலா, செயலியிலா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் Pointer location என்பதை இயக்குங்கள். விரல் போன தடம் கோடாகவும், எத்தனை விரல் பட்டிருக்கிறது என்பது மேலே எண்ணாகவும் வரும். ஒரு விரலால் இழுக்கும்போது கோடு அறுந்தால் குறை திரையில். கோடு ஒழுங்காக இருந்தும் படம் தாவினால், செயலியை எழுதியவருக்கு அந்தத் திரையைப் பதிவு செய்து அனுப்புங்கள். அவர் திருத்துவதற்கு அதுவே போதும்.