கிளாராவுக்கு வந்த பாட்டுப் புத்தகம்

1841 செப்டம்பர் 13. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் வீட்டில் அன்று விசேஷத்துக்கு மேல் விசேஷம். மனைவி கிளாராவுக்கு 22 வயது நிறைந்தது. முந்தின நாள்தான் அவர்களுக்குக் கல்யாணமாகி ஓராண்டு முடிந்திருந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி பிறந்த மூத்த மகள் மரீக்கு ஞானஸ்நானமும் அன்றுதான்.

கணவர் கொடுத்த பரிசுகளில் அச்சாகி வந்திருந்த இரண்டு பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. கவிஞர் ரூக்கர்ட்டின் ‘காதல் வசந்தம்’ தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்த 12 கவிதைகளுக்கு இசையமைத்த பாட்டுகள் அவை. அட்டையில் ராபர்ட், கிளாரா இருவர் பெயரும் இருந்தன. கிளாராவின் பாட்டுகளையும் சேர்த்து, அவருக்குத் தெரியாமலே அச்சுக்கு அனுப்பியிருந்தார் ராபர்ட்.

இந்தப் பரிசு உருவான கதையை அவர்களுடைய டைரியே சொல்கிறது. கிளாராவின் அப்பா சம்மதிக்காததால் கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கி, 1840 செப்டம்பர் 12-ல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். மறுநாளே ராபர்ட் ஒரு நோட்டைத் தொடங்கினார். ஒரு வாரம் அவர் எழுத வேண்டும், அடுத்த வாரம் கிளாரா. ஞாயிறு காலை காபி வேளையில் நோட்டு கை மாற வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசைகளையும் வேண்டுகோள்களையும் இதில் எழுதலாம் என்பது முதல் பக்கத்திலேயே அவர் எழுதிய ஏற்பாடு. ஆக, அதில் அவர் எழுதிய ஒவ்வொன்றும் மனைவி படிக்கப்போகும் கடிதம்தான்.

1841 ஜனவரியில் அப்படித்தான் எழுதினார். மனைவியோடு சேர்ந்து ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட வேண்டும் என்ற எண்ணமே தன்னை வேலையில் இறக்கியது, ஒரு வாரத்தில் ஒன்பது பாட்டுகள் முடிந்தன என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை கிளாரா எழுத வேண்டும் என்று கேட்டார். அவருக்கான கவிதைகளையும் தானே குறித்துக் கொடுத்தார்.

கிளாரா தயங்கினார். ஐரோப்பாவே கொண்டாடிய பியானோ கலைஞர் அவர். ஆனாலும் பலமுறை முயன்றும் வரவில்லை, இசையமைக்கும் திறமை தனக்கு இல்லவே இல்லை என்று டைரியில் எழுதினார். அப்போது அவர் கர்ப்பிணி. கணவர் இசையமைக்க உட்கார்ந்துவிட்டால் பியானோவைத் தொடவும் முடியாது. மெல்லிய சுவர்களைத் தாண்டி சத்தம் போய்விடும். இருந்தும் ஜூன் 8-ல், ராபர்ட்டின் பிறந்தநாளுக்கு நான்கு பாட்டுகளைக் கொடுத்தார். அவற்றில் மூன்றைத்தான் ராபர்ட் புத்தகத்தில் சேர்த்தார்.

கவிதைகளின் தேர்வையும் வரிசையையும் பார்த்தால் ராபர்ட்டின் மனம் தெரிகிறது. முதல் பாட்டு அவருடையது: வானம் சிந்திய கண்ணீர்த்துளி கடலில் விழ, சிப்பி அதை முத்தாகக் காக்கிறது. சிப்பிக்குள் விழும் மழைத்துளி முத்தாகும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. இரண்டாவது கிளாராவின் பாட்டு: புயலிலும் மழையிலும் அவன் வந்த விதத்தை ஒரு பெண் சொல்கிறாள், பியானோவும் புயலாகவே சுழல்கிறது. நான்காவதும் அவருடையது. அழகும் இளமையும் செல்வமும் வேண்டுமென்றால் என்னை விட்டுவிடு, அன்புக்காக என்றால் என்னை நேசி என்கிறாள் அதில் வரும் பெண். பதினோராவது பாட்டிலும் கிளாராவின் குரல்தான்: ஊரார் பேச்சை ஏன் கேட்கிறாய், என் கண்ணைப் பார். வழக்கு நடந்த காலத்தில் வதந்திகளை அனுபவித்த இருவருக்கு அந்த வரி வெறும் கவிதையாக இருந்திருக்காது. கடைசிப் பாட்டில் ஆண், பெண் இரு குரலும் சேர்ந்து சத்தியம் செய்கின்றன. கணவன் ஒன்று சொல்ல மனைவி பதில் சொல்லி, முடிவில் இருவரும் ஒன்றாகப் பாடுவதுபோல இந்த வரிசை அமைந்திருக்கிறது.

எந்தப் பாட்டு யாருடையது என்று புத்தகத்தில் எங்கும் குறிப்பு இல்லை. ராபர்ட்டின் படைப்பு வரிசையில் அதற்கு 37 என்ற எண். கிளாராவின் வரிசையில் 12. ஒரே புத்தகத்துக்கு இரண்டு எண்கள்! 2, 4, 11 ஆகிய மூன்றும் கிளாராவுடையவை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 13-ன் பரிசுகளை ராபர்ட் டைரியில் பட்டியலிட்டார். முதல் சிம்பொனியின் அச்சுப் பிரதி, ரகசியமாக முடித்து வைத்திருந்த இன்னொரு சிம்பொனி, கடைசியாக ‘நம் இருவரின்’ பாட்டுகள். கலையில் தான் படும் பாட்டைத் தவிர அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

ரூக்கர்ட் இந்தக் கவிதைகளை எழுதியதும் தான் மணக்கவிருந்த பெண்ணுக்காகத்தான். நளன்-தமயந்தி கதையை ஜெர்மன் மொழியில் பாடியவர் அவர். ஷூமன் தம்பதி அனுப்பிய புத்தகத்துக்கு நன்றியாக ஒரு கவிதையே எழுதி அனுப்பினார்.

இன்று கச்சேரிகளில் பெரும்பாலும் கிளாராவின் மூன்று பாட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பாடுகிறார்கள். பன்னிரண்டையும் அச்சான வரிசையிலேயே, ஒரு ஆண் குரலும் ஒரு பெண் குரலும் மாறி மாறிப் பாடும் பதிவில் கேட்டால்தான், அந்தக் கணவர் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்பது பிடிபடும்.