கூலி 31 பவுன் உயர்ந்தால் முதலாளிக்கு ஆகும் செலவு எவ்வளவு?

நம் பிள்ளைகளில் சிலர் பிரிட்டனில் கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிகின்றனர். வேறு சிலர் அங்கே கடை வைத்து ஆட்களை அமர்த்தியுள்ளனர். குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது என்றதும் முன்னவர் மகிழ்கின்றனர், பின்னவர் கலங்குகின்றனர். 2025 ஏப்ரலில் நிகழ்ந்த உயர்வை எடுத்துக்கொண்டு இருவர் கணக்கையும் பார்ப்போம்.

அம்மாதம் 21 வயது நிறைந்தோருக்கான கூலி, மணிக்கு 11.44 பவுனிலிருந்து 12.21 பவுனாயிற்று. வாரம் 40 மணி நேரம் உழைக்கும் 25 வயது இளைஞர் ஒருவரைக் கொள்ளுங்கள். அவரது வாரக்கூலி 457.60 பவுனிலிருந்து 488.40 பவுனாகிறது. உயர்வு 30.80 பவுன். இதில் வருமான வரிக்கு 20 விழுக்காடும், தேசியக் காப்பீட்டுக்கு 8 விழுக்காடும் போக, ஓய்வூதியப் பிடித்தத்திற்கு முன் அவருக்கு மிஞ்சுவது 22.18 பவுனே.

முதலாளியின் செலவோ 30.80 பவுனோடு நிற்கவில்லை. தொழிலாளிக்காக அவரும் தேசியக் காப்பீடு செலுத்த வேண்டும். முன்பு வாரக்கூலியில் 175 பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு 13.8 விழுக்காடு செலுத்தினார். அது 39 பவுன். அதே ஏப்ரலில் வரம்பு 96 பவுனாகக் குறைந்தது. விகிதம் 15 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே அத்தொகை 58.86 பவுனாயிற்று. ஓய்வூதிய நிதிக்கான அவரது பங்கிலும் 92 பென்ஸ் கூடுகிறது. மொத்தக் கூடுதல் செலவு வாரத்திற்கு 51.58 பவுன்!

ஆயினும் சிறு கடைக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. முதலாளிகள் செலுத்தும் காப்பீட்டில் தரப்படும் ஆண்டுச் சலுகை, அப்போதே 5,000 பவுனிலிருந்து 10,500 பவுனாக உயர்ந்தது. இத்தகைய ஊழியர் மூவருக்கு ஆண்டுக் காப்பீடு ஏறத்தாழ 9,180 பவுன். அது முழுவதும் சலுகையில் அடங்கிவிடும். நான்காமவரை அமர்த்தினால் ஏறத்தாழ 1,740 பவுன் கையிலிருந்து செலுத்த நேரும். சலுகை தானாக வந்து சேராது. சம்பளக் கணக்கு அனுப்பும்போது கேட்டுப் பெற வேண்டும்.

2026 ஏப்ரலில் கூலி 12.71 பவுனாயிற்று. இம்முறை காப்பீட்டு வரம்பும் விகிதமும் மாறவில்லை. ஆதலின், சலுகையைக் கணக்கில் கொள்ளாவிடினும், 20 பவுன் உயர்வுக்கு முதலாளியின் செலவு 23.60 பவுன் மட்டுமே.

இறுதியாக, பலர் அறியாமல் செய்யும் பிழை ஒன்றுண்டு. கடை திறக்கவும் கல்லாக் கணக்கு முடிக்கவும் நாளொன்றுக்கு 24 நிமிடம் வீதம் ஐந்து நாள் ஊதியமின்றி வேலை வாங்கினால், வாரத்தில் 2 மணி நேரமாகிறது. 488.40 பவுனை 42 மணியால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 11.63 பவுன்தான். இது 2025ஆம் ஆண்டின் சட்டக் கூலிக்கும் குறைவு. அரசு கண்டறிந்தால் பாக்கியோடு, அதைப்போல் இருமடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். எனவே சம்பளச் சீட்டில் உள்ள மணிகளும், உழைத்த மணிகளும் ஒன்றாக உள்ளனவா என்று இருதரப்பினரும் வாரந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.